பள்ளி பஸ் நிற்கும் அந்த ஒரு நிமிடம்: ஓட்டுநரும் ஆயாம்மாவும் செய்ய வேண்டியவை

"எங்கள் மகள் யு.கே.ஜி. மடிப்பாக்கத்திலிருந்து பள்ளி பஸ்ஸில் போய் வருகிறாள். ஓட்டுநர், கண்டக்டர் நடத்தை விதிகள் என்று நிர்வாகம் இரண்டு பக்கம் அனுப்பிப் பெற்றோரின் கருத்தைக் கேட்டிருக்கிறது. சீருடை, மரியாதையான பேச்சு, செல்போன் தடை, வேக வரம்பு எல்லாம் இருக்கிறது. இதில் எது விட்டுப்போயிருக்கிறது? நாங்கள் எதைக் கேட்க வேண்டும்?"

நீங்கள் எழுதியதை வைத்துப் பார்த்தால், பஸ் ஓடும்போது என்ன செய்ய வேண்டும் என்று அந்தத் தாள் சொல்கிறது. பஸ் நிற்கும்போது என்ன செய்ய வேண்டும் என்று சொல்லவில்லை. சென்னையில் பள்ளி வாகனங்களின் பொறுப்பைப் பல ஆண்டுகள் பார்த்தவன் என்ற முறையில் சொல்கிறேன், எனக்குத் தூக்கம் கெட்டதெல்லாம் அந்த நிற்கும் நேரத்தை நினைத்துத்தான். காலை எட்டு மணி நெரிசலில் மடிப்பாக்கம், மேடவாக்கம் பக்கம் எந்தப் பள்ளி பஸ்ஸும் பெரிய வேகம் போக முடியாது. இருக்கையில் உட்கார்ந்திருக்கும் குழந்தை ஓரளவு பாதுகாப்பாகவே இருக்கிறது. அது கீழே இறங்கி, பஸ்ஸை விட்டு விலகி, பஸ் மறுபடி நகரும் வரைக்குமான ஒரு நிமிடம்தான் ஆபத்தானது.

சட்டம் இந்த இடத்துக்கு எப்படி வந்தது என்பதைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். 1997-இல் உச்ச நீதிமன்றம் டெல்லி வட்டாரத்துப் பள்ளி பஸ்களுக்குக் கட்டளைகளைப் பிறப்பித்தது. ஓட்டுநருக்குக் கனரக வாகனம் ஓட்டிய 5 ஆண்டு அனுபவம், மணிக்கு 40 கிலோமீட்டர் வேகக் கட்டுப்பாடு, பூட்டக்கூடிய கதவு, தகுதியான ஓர் உதவியாளர் எல்லாம் அதில் வந்தவை. 2012 ஜூலையில் தாம்பரம் அருகே முடிச்சூரில் பஸ் தளத்திலிருந்த ஓட்டை வழியாக ஓர் இரண்டாம் வகுப்புச் சிறுமி கீழே விழுந்து இறந்தாள். அதன் பிறகுதான் பள்ளி வாகனங்களுக்கென்றே தமிழக அரசு தனிச் சிறப்பு விதிகளைக் கொண்டுவந்தது. ஒவ்வொரு கோடை விடுமுறையிலும் ஆர்.டி.ஓ. அலுவலகத்தார் மைதானத்தில் பஸ்களை வரிசையாக நிறுத்தி, தளம், அவசர வழி, தீயணைப்பான், முதலுதவிப் பெட்டி என்று பார்ப்பதும் அந்த வழியில் வந்ததே. 2022 மார்ச்சில் வளசரவாக்கத்தில் ஒரு பள்ளி வளாகத்துக்குள்ளேயே, வேனிலிருந்து இறங்கிய இரண்டாம் வகுப்புச் சிறுவன் அதே வேனில் அடிபட்டு இறந்தான். விட்டுவந்த பொருளை எடுக்க அவன் திரும்பி வந்தான் என்று அப்போது செய்திகள் கூறின. அந்த ஆண்டே முன்னும் பின்னும் கேமராவும், பின்னால் எச்சரிக்கை சென்சாரும் கட்டாயமாயின.

ஆக, வண்டியில் என்னென்ன இருக்க வேண்டும் என்பதற்குச் சட்டம் இருக்கிறது, வருடத்துக்கு ஒருமுறை அதைப் பார்க்கவும் ஆள் இருக்கிறார்கள். ஓட்டுநரும் ஆயாம்மாவும் ஒவ்வொரு நிறுத்தத்திலும் எந்த வரிசையில் எதைச் செய்ய வேண்டும் என்பதை நிர்வாகம்தான் எழுத வேண்டும், நிர்வாகம்தான் தினமும் பார்க்கவும் வேண்டும். இனி நான் சொல்லப்போவதில் பெரும்பகுதி அந்த இரண்டாவது வகை. அனுபவத்தில் பயன் தந்த நடைமுறை அது. சட்டத்தின் வாசகம் அல்ல. நிர்வாகத்திடம் பேசும்போது இந்த வேறுபாட்டை மனதில் வைத்துக்கொள்ளுங்கள்.

முதலில் ஓட்டுநருக்கு எது தெரியாது என்பதைப் பெற்றோரும் நிர்வாகமும் கண்ணால் பார்க்க வேண்டும். ஒரு சனிக்கிழமை பள்ளி மைதானத்தில் பஸ்ஸை நிறுத்தி, ஓட்டுநரை அவர் இருக்கையில் உட்காரச் சொல்லுங்கள். யு.கே.ஜி. குழந்தையின் உயரம் ஏறத்தாழ 1 மீட்டர். அந்த உயரத்துக்கு ஒரு குச்சியை வெட்டி, நுனியில் சிவப்புத் துணி கட்டி, ஒருவர் பஸ்ஸைச் சுற்றி மெதுவாக நடக்க வேண்டும். துணி தெரியவில்லை என்று ஓட்டுநர் சொல்லும் இடத்திலெல்லாம் தரையில் சுண்ணாம்பால் கோடு போடுங்கள். கண்ணாடிகளையும் கேமராத் திரையையும் பார்த்துக்கொள்ள அவருக்கு அனுமதி உண்டு. கோடு எங்கே விழும் என்பது வண்டிக்கு வண்டி மாறும். பொதுவாக முன் பம்பரை ஒட்டிய ஒரு பட்டையும், இடது பக்கம் கதவுக்கும் பின் சக்கரத்துக்கும் நடுவே இன்னொரு பட்டையும் வெள்ளையாகிவிடும். முன்னும் பின்னும் வைத்த கேமரா அந்த இடது பக்கத்தைச் சரியாகக் காட்டுவதில்லை. ஐப்பசி மழையில் பின் கேமராவின் கண்ணில் சேறு படிந்துவிட்டால் அதுவும் உதவாது. தினமும் காலையில் அதைத் துடைப்பது ஓட்டுநரின் வேலையாக எழுதப்பட்டிருக்க வேண்டும். இந்தச் சோதனையை ஓட்டுநர்களையும் ஆயாம்மாக்களையும் இடம் மாற்றி உட்காரவைத்துச் செய்தால் அதற்கு மேல் வகுப்பே தேவையில்லை.

அந்த இடது பக்கம் ஆபத்தானது என்பதற்கு இன்னொரு காரணமும் உண்டு. பஸ் இடது பக்கம் திரும்பும்போது பின் சக்கரம் முன் சக்கரம் போன தடத்தில் போகாது. உள்பக்கமாக வெட்டி வரும். குழந்தை இறங்கி, வந்த திசையிலேயே பின்னால் நடந்தாலோ, கையிலிருந்து உருண்ட தண்ணீர் பாட்டிலைக் குனிந்து எடுக்கப் போனாலோ, சேருமிடம் அந்தப் பின் சக்கரம்தான். குனிந்த குழந்தையின் உயரம் 1 மீட்டர்கூட இல்லை. உங்கள் மகளுக்கு வீட்டில் சொல்லித்தர வேண்டியது ஒன்றே ஒன்றுதான்: கீழே எது விழுந்தாலும் எடுக்காதே, ஆயாம்மாவிடம் சொல். பாட்டில் போனால் போகட்டும் என்று நீங்களும் உண்மையாகவே நினைக்க வேண்டும். வீட்டுக்கு வந்ததும் பாட்டில் எங்கே என்று திட்டு விழும் குழந்தை, அடுத்த முறை சக்கரத்துக்கு அடியிலும் கை நீட்டும்.

ஒரு நிறுத்தத்தை முழுதாக எடுத்துப் பார்ப்போம். மாலை நாலு மணி, மடிப்பாக்கத்தில் ஒரு குறுக்குத் தெரு, இறங்க மூன்று குழந்தைகள், அதில் ஒரு குழந்தையின் வீடு எதிர்ப்பக்கம். ஓட்டுநர் வேகத்தைக் குறைத்து இடது இண்டிகேட்டர் போடும்போதே ஆயாம்மா, "பஸ் நிக்கிற வரைக்கும் யாரும் எழுந்திரிக்கக் கூடாது" என்று சொல்லிவிட வேண்டும். பஸ் நேராக, ஓரத்தை ஒட்டி நிற்க வேண்டும். இது நம் ஊருக்கே உரிய விதி. பஸ்ஸுக்கும் ஓரத்துக்கும் நடுவில் மூன்றடி இருந்தால் போதும், ஒரு ஸ்கூட்டர் இடது பக்கம் நுழைந்துவிடும். மழைநீர் வடிகாலுக்குத் தோண்டிப் போட்டதாலோ, நிறுத்திவைத்த கார்களாலோ ஓரம் கிடைக்கவில்லை என்றால், கிடைக்கும் இடம் வரை பஸ் போக வேண்டும். நடுத்தெருவில் கதவைத் திறக்கக் கூடாது. நின்றதும் நியூட்ரல், ஹேண்ட் பிரேக், நான்கு விளக்குகளும் சிமிட்டல். அதற்கப்புறம்தான் கதவு.

கதவு திறந்ததும் முதலில் இறங்க வேண்டியவர் ஆயாம்மா. பெரும்பாலான பஸ்களில் அவர் உள்ளே நின்றபடி குழந்தைகளை ஒவ்வொருவராகக் கீழே அனுப்புகிறார். அது தவறு. படியில் நின்று பின்பக்கம் ஒருமுறை எட்டிப் பார்த்து, இறங்கி, கதவுக்குப் பின் சக்கரம் இருக்கும் பக்கமாக, வரும் வண்டிகளைப் பார்த்தபடி அவர் நிற்க வேண்டும். அங்கே நின்றால் ஸ்கூட்டரும் உள்ளே வர முடியாது, குழந்தையும் பின் சக்கரத்தின் பக்கம் போக முடியாது. குழந்தைகள் ஒவ்வொருவராக இறங்கி வீட்டுச் சுவரை ஒட்டிப் போய் நிற்க வேண்டும். அங்கே பெற்றோர் கையைப் பிடித்துக்கொண்ட பிறகுதான் ஒப்படைப்பு முடிகிறது.

எதிர்ப்பக்கத்துக் குழந்தை விஷயத்தில் என் கருத்து உறுதியானது: பெற்றோர் தெருவைக் கடந்து பஸ் கதவுப் பக்கம் வந்து நிற்க வேண்டும். எதிர்வீட்டு வாசலில் நின்று "இங்க வா கண்ணா" என்று கை நீட்டுவதைப் போல ஆபத்தானது வேறு எதுவும் இல்லை. அம்மாவைப் பார்த்த குழந்தை வேறு எதையும் பார்க்காது. பஸ்ஸின் முன்பக்கமாகச் சுற்றி ஓடும். பஸ்ஸை முந்தி வரும் பைக்காரருக்கு அது கடைசி நொடியில்தான் தெரியும். பெற்றோர் வர முடியாத நாளில் ஆயாம்மா கையைப் பிடித்து, பம்பரிலிருந்து பத்தடி தள்ளி ஓட்டுநரின் கண்ணில் படும்படி நடந்து, பஸ்ஸின் வெளி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்துவிட்டுக் கடக்க வேண்டும்.

பிறகு புறப்பாடு. ஆயாம்மா இறங்கிய குழந்தைகளை எண்ணி, இடது பக்கத்தைச் சக்கரம் வரை ஒரு பார்வை பார்த்து, ஏறி, கதவைச் சாத்தி, "ரைட்" சொல்ல வேண்டும். குழந்தைகள் விளையாட்டாக "போலாம் ரைட்" என்று கத்துவார்கள், அதனால் குரலை மட்டும் நம்பக் கூடாது. இரட்டை விசிலோ மணியோ ஆயாம்மாவின் கையில் மட்டும் இருக்கட்டும். சத்தம் கேட்டாலும், அவர் உள்ளே நிற்பதை ஓட்டுநர் கண்ணாடியில் பார்த்த பிறகுதான் ஹேண்ட் பிரேக்கை விடலாம். சத்தமே வரவில்லை என்றால் பஸ் நகரக் கூடாது. பின்னால் எத்தனை ஹாரன் அடித்தாலும் சரி.

இவ்வளவையும் எழுதிவைத்து, பயிற்சியும் கொடுத்த பிறகும் இது நடக்காமல் போவதற்கு முக்கியக் காரணம் நேர அட்டவணை. ஒரு கணக்குப் போட்டுப் பாருங்கள். 18 நிறுத்தங்கள் உள்ள ஒரு வழித்தடம். அவசரமாக இறக்கிவிட்டால் ஒரு நிறுத்தத்துக்கு அரை நிமிடம், மொத்தம் 9 நிமிடம். மேலே சொன்னபடி செய்தால் ஒன்றேகால் நிமிடம், மொத்தம் இருபத்திரண்டரை நிமிடம். இந்தப் பதின்மூன்றரை நிமிடத்தை நிர்வாகம் அட்டவணையில் கொடுக்கவில்லை என்றால், ஓட்டுநர் அதை எங்கிருந்தாவது எடுத்தாக வேண்டும்: ஆயாம்மா ஏறுவதற்குள் பஸ்ஸை உருட்டுவார், கதவைத் திறந்து வைத்தபடி வருவார். அப்புறம் அவருக்கு மெமோ கொடுப்பதில் அர்த்தமில்லை. ஏனென்றால் தாமதமாக வந்த நாளிலும் அவருக்குத்தான் மெமோ. இதற்குத் தீர்வு நிறுத்தங்களைக் குறைப்பது. 18-ஐ 11 ஆக்கி, ஒவ்வொன்றிலும் கொஞ்சம் அதிகக் குழந்தைகள் என்பதால் ஒன்றரை நிமிடம் கொடுத்தாலும் பதினாறரை நிமிடத்தில் முடிந்துவிடும். பழைய கணக்கைவிட ஏழெட்டு நிமிடமே அதிகம், அதைப் புறப்படும் நேரத்தை மாற்றிச் சரிக்கட்டலாம். கோயில் வாசல், அடுக்ககத்தின் உள்வாசல், பூங்கா ஓரம் போலப் போக்குவரத்து ஒதுங்கிய இடங்களே கூட்டு நிறுத்தத்துக்கு ஏற்றவை. இங்கே எதிர்ப்பு பெற்றோரிடமிருந்துதான் வரும். "வீட்டு வாசலுக்கு வரும்னு சொல்லித்தானே பணம் வாங்கினீங்க" என்பார்கள். அந்தக் கூட்டத்தில் இந்தக் கணக்கை நீங்கள் எடுத்துச் சொன்னால், நிர்வாகம் சொல்வதைவிட அதற்கு மதிப்பு அதிகம்.

பள்ளி வளாகத்துக்குள் விதி இன்னும் கடுமையாக இருக்க வேண்டும். குழந்தைகள் தரையில் இருக்கும்போது எந்த வாகனமும் ரிவர்ஸ் எடுக்கக் கூடாது. ஒரு வாசலில் நுழைந்து இன்னொரு வாசலில் வெளியேறும் சுற்றுப் பாதை இருந்தால் ரிவர்ஸே தேவைப்படாது. இடம் இல்லாத பள்ளிகளில் குழந்தைகள் வருவதற்கு முன்பே வண்டிகளைத் திருப்பி நிறுத்தி, சாவியைப் பொறுப்பாளரிடம் கொடுத்துவிட வேண்டும். மாலையில் கடைசிக் குழந்தை ஏறி, பொறுப்பாளர் வரிசை நெடுக நடந்து பார்த்து விசில் கொடுத்த பிறகு எல்லா வண்டிகளும் ஒன்றன்பின் ஒன்றாகப் போக வேண்டும். நிரம்பிய வண்டி முதலில் போகட்டும் என்று விட்டால், அடுத்த வண்டியைத் தேடி ஓடும் குழந்தைகளுக்கு நடுவில் அது நகரும். காலையில் இறங்கிய குழந்தை எந்தக் காரணத்துக்காகவும் வண்டிக்குத் திரும்பி வரக் கூடாது. வளசரவாக்கத்திலிருந்து கற்க வேண்டியதில் முக்கியமானது எனக்கு இதுதான். சாப்பாட்டுப் பை மறந்துபோனால் ஆயாம்மா எடுத்துக்கொண்டு போய் வகுப்பில் கொடுப்பார் என்பது எழுதப்பட்ட விதியாகவும், குழந்தைக்குத் தெரிந்த விதியாகவும் இருக்க வேண்டும்.

அந்தப் பைகளைத் தேடும் சாக்கில் இன்னொரு வேலையும் முடியும். எல்லோரும் இறங்கியதும் ஆயாம்மா கடைசி வரிசை வரை நடந்து, ஒவ்வொரு இருக்கையின் அடியிலும் குனிந்து பார்க்க வேண்டும். பின்னால் கடைசி இருக்கையருகே ஒரு நோட்டைக் கட்டிவைத்து, அங்கே போய்த்தான் கையெழுத்துப் போட முடியும்படி செய்யுங்கள். ஓட்டுநரும் பூட்டும் முன் ஒருமுறை நடந்து பார்க்க வேண்டும். தூங்கிவிட்ட ஒரு யு.கே.ஜி. குழந்தை, மூடிய பஸ்ஸில், சென்னை வெயிலில் தனியாக இருப்பதை நினைத்துப் பார்த்தால் இந்த இரண்டாவது நடை அதிகப்படியாகத் தோன்றாது.

நடத்தை பற்றி மூன்று செய்திகள். கடைசிக் குழந்தை இறங்கும் வரை ஆயாம்மா பஸ்ஸில் இருக்க வேண்டும். சில தடங்களில் ஆயாம்மாவின் வீடு வழியிலேயே இருக்கும், கடைசி இரண்டு நிறுத்தம் பாக்கி இருக்கும்போதே அவர் இறங்கிவிடுவார். மிச்சமிருக்கும் ஒரு குழந்தையும் ஓட்டுநரும் மட்டும் தனியாகப் போவார்கள். எந்த ஓட்டுநரையும் சந்தேகிப்பதற்காக இதைச் சொல்லவில்லை. அந்தச் சூழ்நிலை குழந்தைக்கும் நல்லதல்ல, நேர்மையான ஓட்டுநருக்கும் நல்லதல்ல. ஆயாம்மா விடுப்பு என்றால் மாற்று ஆள் வரும் வரை பஸ் புறப்படக் கூடாது. குழந்தையைத் தூக்குவது, பிடித்து இறக்குவது எல்லாம் ஆயாம்மாவின் வேலை, ஓட்டுநருடையது அல்ல. தப்பான தொடுகை பற்றிக் குழந்தை ஏதாவது சொன்னால், பள்ளிக்குள்ளேயே பேசி முடிக்க யாருக்கும் உரிமை இல்லை; போக்சோ சட்டப்படி, தெரிந்தவர் காவல்துறைக்குத் தெரிவித்தே ஆக வேண்டும். குழந்தைகளுக்கான உதவி எண் 1098.

இரண்டாவது, ஒப்படைப்பு. யாரிடம் குழந்தையை விடலாம் என்ற பட்டியல் படத்தோடு ஆயாம்மாவிடம் இருக்க வேண்டும். பட்டியலில் இல்லாத சித்தப்பா வந்தால், குழந்தை அவரைப் பார்த்துச் சிரித்தாலும், உங்களுக்கு போன் போட்டுக் கேட்ட பிறகே விட வேண்டும். யாரும் வரவில்லை என்றால் பக்கத்துக் கடையில் விடக் கூடாது. தடம் முடியும் வரை பஸ்ஸிலேயே வைத்திருந்து பள்ளிக்குத் திரும்பக் கொண்டுபோக வேண்டும். அப்படி ஒரு நாள் உங்கள் குழந்தையைத் திருப்பிக் கொண்டுபோனால் தயவுசெய்து ஆயாம்மாவிடம் சண்டை போடாதீர்கள். ஒருமுறை திட்டு வாங்கியவர் அடுத்த முறை கடைக்காரரிடம் விட்டுவிட்டுப் போய்விடுவார்.

மூன்றாவது, ஓட்டுநரின் தூக்கம். குடித்திருக்கிறாரா என்று ஊதச்சொல்லிப் பார்க்கும் பள்ளிகள் உண்டு, நல்லது. ஆனால் பள்ளிச் சம்பளம் போதாமல் இரவில் ஐ.டி. கம்பெனி கேப் ஓட்டிவிட்டு, விடிகாலை நேராக ஷெட்டுக்கு வருபவர்கள் ஓ.எம்.ஆர். பக்கம் இருக்கிறார்கள். அவர் ஊதினால் கருவி எதையும் காட்டாது. தூக்கக் கலக்கத்தை அளக்க நம்பகமான கருவி எதுவும் பள்ளியிடம் இல்லை. பொறுப்பாளர் காலையில் முகத்தைப் பார்த்து இரண்டு வார்த்தை பேசுவதும், இரவு வண்டி ஓட்டத் தேவைப்படாத அளவுக்குச் சம்பளம் கொடுப்பதும்தான் வழி. நிர்வாகம் இதை விதித்தாளில் எழுத விரும்பாது. நீங்கள் கூட்டத்தில் கேட்கலாம்.

பெற்றோரால் எதைச் சரிபார்க்க முடியும் என்பதற்கும் ஓர் எல்லை உண்டு. பிரேக் எப்படி இருக்கிறது, ஓட்டுநரின் கண் பார்வை எப்படி என்பதை வெளியிலிருந்து சொல்ல முடியாது, எஃப்.சி. தேதியையும் கண் பரிசோதனைச் சான்றையும் நிர்வாகத்திடம் கேட்டு வாங்கிப் பார்க்கலாம், அவ்வளவுதான். நிறுத்தத்தில் நடப்பதை நீங்களே பார்க்கலாம். உங்கள் நிறுத்தத்தில் வேண்டாம், அங்கே உங்களைப் பார்த்ததும் எல்லாம் ஒழுங்காக நடக்கும். இரண்டு தெரு தள்ளி இன்னொரு நிறுத்தத்தில் வெவ்வேறு நாட்களில் சில முறை நின்று பாருங்கள். பஸ் நிற்கும் முன் கதவு திறக்கிறதா, ஆயாம்மா முதலில் இறங்குகிறாரா, அவர் ஏறும் முன் சக்கரம் உருள்கிறதா என்று மூன்றை மட்டும் கவனியுங்கள். தவறு கண்டால் தெருவில் ஓட்டுநரிடம் கத்த வேண்டாம். பஸ் எண், தேதி, நேரம், நிறுத்தத்தின் பெயர் நான்கையும் குறித்துப் போக்குவரத்துப் பொறுப்பாளருக்கு எழுத்தில் அனுப்புங்கள். ஒரு வாரத்தில் மாற்றம் இல்லை என்றால் அதே தாளைப் பள்ளி முதல்வருக்கும், அதன் பிறகும் அசையவில்லை என்றால் உங்கள் பகுதி ஆர்.டி.ஓ. அலுவலகத்துக்கும் கொடுங்கள்.